ஒரு செல்லுக்குள் பன்னிரண்டு வாரங்கள்

ஸ்பார்க்லைன் என்பது எக்செல் தாளில் ஒரே செல்லுக்குள் வரையப்படும் சிறு வரைபடம். அதற்குத் தலைப்பு கிடையாது, அளவுகோல் எண்கள் கிடையாது, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கக் கட்டமும் கிடையாது. எண் இருக்கும் அதே வரிசையில், எண்ணுக்குப் பக்கத்துச் செல்லில் உட்கார்ந்துகொண்டு, அந்த எண் இதுவரை வந்த வழியைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. புள்ளிவிவர வரைபடங்களைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி, 2006இல் வெளியான தன் நூலில் ஒரு சொல்லின் அளவே உள்ள வரைபடம் என்று இதை விரிவாக விளக்கினார். எக்செலில் இந்த வசதி 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய 2007 பதிப்பிலேயே செல்லுக்குள் பட்டை வரையும் டேட்டா பார் வந்துவிட்டது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, பத்துப் பக்க வாராந்திர அறிக்கையை ஒரே ஏ4 தாளில் அடக்கிவிட முடியும்.

அடக்கும்போதுதான் சிக்கலும் வருகிறது. ஸ்பார்க்லைனில் அளவுகோல் கண்ணுக்குத் தெரியாது. கோட்டின் அடிப்புள்ளி எந்த மதிப்பு, உச்சி எந்த மதிப்பு என்பது தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும்; சில சமயம் அவருக்கும் தெரியாது, எக்செல் தானாக முடிவு செய்திருக்கும். இந்த ஒரு முடிவைப் பொறுத்து, அறிக்கை உண்மை சொல்லலாம் அல்லது படிப்பவரைத் தவறான கிளைக்கு அனுப்பலாம்.

திருநெல்வேலி வட்டாரத்தில் ஆறு கிளைகள் உள்ள ஒரு பேக்கரியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு இரவோடு வாரம் முடிகிறது, திங்கள் காலை முதலாளியின் மேசையில் அறிக்கை இருக்க வேண்டும். நாகர்கோவில் பெரிய கிளை. அதன் கடந்த 12 வார விற்பனை, ஆயிரம் ரூபாய்க் கணக்கில்: 262, 258, 265, 261, 270, 264, 259, 266, 263, 240, 226, 211. தென்காசி சிறிய கிளை: 84, 83, 85, 84, 86, 85, 84, 85, 83, 86, 87, 88. எண்களைப் படித்தால் நிலைமை புரிகிறது. நாகர்கோவிலில் மூன்று வாரமாக விற்பனை சரிகிறது, 52 ஆயிரம் போய்விட்டது. தென்காசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, கடைசியில் லேசாக ஏறியிருக்கிறது.

இந்த எண்களுக்கு அப்படியே ஸ்பார்க்லைன் போட்டால் வேறு கதை தெரியும். எக்செல் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அமைப்பின் பெயர் `Automatic for Each Sparkline`. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் குறைந்த மதிப்பு செல்லின் அடி, அதிக மதிப்பு செல்லின் உச்சி. ஆகவே தென்காசியில் 83க்கும் 88க்கும் இடையிலுள்ள ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசம், நாகர்கோவிலில் 211க்கும் 270க்கும் இடையிலுள்ள 59 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பிடிக்கும் அதே உயரத்தைப் பிடிக்கிறது. ஒன்று மலையிலிருந்து விழுவதுபோலவும் மற்றது மலையேறுவதுபோலவும் தெரியும். தென்காசி மேலாளருக்குப் பாராட்டு கிடைக்கும், காரணமே இல்லாமல்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்று, `Same for All Sparklines` என்ற அமைப்புக்கு மாறுவது. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே அளவுகோல் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கிளையும் சிறிய கிளையும் ஒரே தாளில் இருந்தால் அதுவும் உதவாது. அடியைப் பூஜ்யமாகவும் உச்சியை 270 ஆகவும் வைத்தால், நாகர்கோவிலின் சரிவு செல் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். தென்காசியின் மொத்த ஏற்ற இறக்கமும் நூற்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். நாளை தென்காசியில் விற்பனை கால்வாசி குறைந்தாலும் அந்தத் தட்டையான கோடு பெரிதாக அசையாது. சிறிய கிளைகளின் சிக்கலை மறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

உண்மையான தீர்வு வரைபடத்தில் இல்லை, வரைபடத்துக்குக் கொடுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையின் வார விற்பனையையும் அந்தக் கிளையின் வழக்கமான வாரத்தால் வகுத்துவிட வேண்டும். வகுத்து வரும் எண் எல்லாக் கிளைக்கும் 1ஐச் சுற்றியே இருக்கும். அதன்பின் ஒரே அளவுகோல் நியாயமாகிவிடும். வழக்கமான வாரத்துக்குச் சராசரியைவிட இடைநிலை அளவு பொருத்தமானது. 12 வார எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் மதிப்பு அது, எக்செலில் `MEDIAN`. தீபாவளி வாரத்தில் விற்பனை இரண்டு மடங்கானால் சராசரி மேலே ஏறி, மற்ற வாரங்கள் எல்லாம் மந்தமாகத் தெரியும். இடைநிலை அளவு ஒற்றை வாரத்துக்கு அப்படி அசைந்துகொடுக்காது. நாகர்கோவிலுக்கு அது 261.5, தென்காசிக்கு 85. நாகர்கோவிலின் கடைசி வாரம் 0.81, தென்காசியின் கடைசி வாரம் 1.04 என்று வரும்.

இதற்குக் கோப்பில் மூன்று தாள்கள் போதும். `Sales` தாளில் பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த பட்டியல் இருக்கும்: A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் கிளை, C நெடுவரிசையில் தொகை. `Calc` தாள் கணக்குக்கு. `Report` தாள் மட்டுமே அச்சுக்குப் போகும். `Report` தாளின் B2 செல்லில் வாரம் முடியும் ஞாயிற்றுக்கிழமையின் தேதி இருக்கும். திங்கள்தோறும் கையால் மாற்ற வேண்டியது அந்த ஒரு செல்தான். `Calc` தாளின் M4 செல் அந்தத் தேதியை `=Report!$B$2` என்று எடுத்துக்கொள்கிறது. L4 செல்லில் `=M4-7`. அதை இடப்பக்கம் B4 வரை நகலெடுத்தால் 12 வாரங்களின் இறுதித் தேதிகள் கிடைக்கும். A5 முதல் A10 வரை கிளைப் பெயர்கள். B5 செல்லில்:

```
=SUMIFS(Sales!$C:$C, Sales!$B:$B, $A5,
        Sales!$A:$A, ">="&B$4-6,
        Sales!$A:$A, "<"&B$4+1)
```

கடைசி வரியில் `"<="&B$4` என்று எழுதாமல் மறுநாளுக்கு முன் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. பில்லிங் மென்பொருள் தேதியோடு நேரத்தையும் சேர்த்தே கொடுக்கும். எக்செலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறு நள்ளிரவு 12 மணி. ஞாயிறு மாலை 6:30க்குப் போட்ட பில் அதைவிடப் பெரிய எண். `<=` என்று எழுதினால் அது கணக்கில் சேராது. பேக்கரியில் அதிகம் விற்கும் நாள் முழுதும் அறிக்கையிலிருந்து காணாமல் போகும். எல்லா வாரத்திலும் ஒரே மாதிரி போவதால் கோட்டின் வடிவத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரத்தின் கூட்டுத்தொகையைப் பில்லிங் மென்பொருளின் சொந்த வாரக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டால்தான் தெரியவரும்.

இந்தச் சூத்திரத்தை B5:M10 முழுக்க நகலெடுத்தபின், கீழே B15:M20 என்ற இரண்டாவது கட்டத்தில் வகுத்த எண்கள்:

```
=IF(B5=0, NA(), B5/MEDIAN($B5:$M5))
```

கிளை ஒரு வாரம் முழுக்க மூடியிருந்தால் `SUMIFS` பூஜ்யம் கொடுக்கும். அதை அப்படியே விட்டால் கோடு பாதாளத்துக்குப் போய்த் திரும்பும். கடையில் வர்ணம் பூசிய வாரமும் வியாபாரம் படுத்த வாரமும் ஒன்றல்ல. `NA()` போட்டால் அந்தப் புள்ளியை ஸ்பார்க்லைன் பூஜ்யமாக வரையாது. வெறும் மேற்கோள்குறி இரண்டைப் போட்டு வெற்றுச் செல்போலக் காட்டும் பழைய வழக்கம் இங்கே செல்லாது; எக்செலுக்கு அது எழுத்து, எழுத்தை வரைபடத்தில் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி வரைவது சில நொடி வேலை. `Report` தாளில் A5 முதல் A10 வரை கிளைகள், B நெடுவரிசையில் இந்த வார விற்பனை, C நெடுவரிசை கோட்டுக்கு. C5:C10ஐத் தேர்ந்தெடுத்து `Insert` மெனுவில் `Sparklines` பகுதியிலுள்ள `Line` பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் `Data Range` என்ற இடத்தில் `Calc!B15:M20` கொடுத்து `OK` சொன்னால் ஆறு கோடுகளும் ஒரே குழுவாக வந்துவிடும். பிறகு `Sparkline` மெனுவில் `Axis` என்பதைத் திறந்து, அடிமதிப்புக்கும் உச்சிமதிப்புக்கும் தனித்தனியே `Custom Value` தேர்ந்தெடுத்து 0.7 என்றும் 1.3 என்றும் தர வேண்டும். இப்போது செல்லின் நடுமட்டம் வழக்கமான வாரம். அடி, முப்பது சதவீதம் குறைந்த வாரம். உச்சி, முப்பது சதவீதம் கூடிய வாரம். நாகர்கோவிலின் கோடு செல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்குகிறது. தென்காசியின் கோடு பத்தில் ஒரு பங்குக்குள் அசைகிறது. எண்களைப் படித்தபோது கிடைத்த அதே செய்தி கண்ணுக்கும் கிடைக்கிறது. அளவுகோலைத் தாளின் அடியில் ஒரு வரியாக எழுதிவைப்பது நல்லது: கோட்டின் நடு வழக்கமான வாரம், மேலும் கீழும் 30 சதவீதம்.

இந்த 0.7, 1.3 என்ற எல்லைகளுக்கு ஒரு விலை உண்டு. தீபாவளி வாரத்தில் விற்பனை 1.9க்குப் போனால் கோடு செல்லின் உச்சியில் வெட்டுப்பட்டு நின்றுவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. உச்சியை 2 ஆக்கினால் அந்த ஒரு வாரம் தெரியும், மீதிப் பதினொரு வாரமும் நசுங்கிவிடும். கடைக்காரருக்குத் தீபாவளி வியாபாரம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரைபடம் தேவையில்லை. வெட்டுப்படட்டும் என்று விட்டுவிடலாம், பக்கத்துச் செல்லில் உண்மையான எண் இருக்கிறது. எப்படியும் `Custom Value` என்ற பெட்டியில் எண்ணைத்தான் தட்டச்சு செய்ய முடியும், ஒரு செல்லோடு இணைக்க முடியாது. எனவே வாராவாரம் மாற்றிக்கொண்டிருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒவ்வொரு வாரமும் அளவுகோல் மாறினால், போன வாரத் தாளையும் இந்த வாரத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியாமல் போகும்.

ஸ்பார்க்லைனில் `Column` என்ற வகையும் உண்டு, சிறு தூண்களாக வரும். அதை இந்த இடத்தில் போடக்கூடாது. கோட்டைப் பார்ப்பவர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்கிறார், அடி எங்கிருந்தாலும் சரிவு சரிவுதான். தூணைப் பார்ப்பவர் உயரத்தை அளவாக எடுத்துக்கொள்கிறார். 0.7இல் தொடங்கும் தூண் வரிசையில் 0.81, 1.03இன் மூன்றில் ஒன்றாகத் தெரியும், அது அப்பட்டமான பொய். தானியங்கி அமைப்பில் இன்னும் மோசம். மிகக் குறைந்த வாரத்தின் தூண் கிட்டத்தட்ட மறைந்தே போகும். தூண் வேண்டுமென்றால் அடிமதிப்பு 0 என்று கொடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது வகையான `Win/Loss` கூட்டலா கழித்தலா என்பதை மட்டும் காட்டும். இலக்கைத் தொட்ட வாரங்களை எண்ண அது உதவும், ஆனால் விற்பனையிலிருந்து இலக்கைக் கழித்து வரைந்தால், இலக்கைத் துல்லியமாகத் தொட்ட வாரம் பூஜ்யமாகி வெற்றிடமாக நிற்கும். ஆகவே தொட்டால் 1, தொடாவிட்டால் -1 என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

செல்லின் அளவும் ஒருவகையில் அளவுகோல்தான். நெடுவரிசையை அகலமாக இழுத்தால் சரிவு சாதுவாகத் தெரியும், வரிசையை உயர்த்தினால் செங்குத்தாகும். பன்னிரண்டு புள்ளிகளுக்கு 24 பாயிண்ட் உயரமும் 18 எழுத்து அகலமும் வசதியாக இருக்கும். ஒருமுறை முடிவு செய்தால் அதை மாற்றாமலிருப்பது முக்கியம். புள்ளிகளை அடையாளமிடும் `Markers`, `High Point`, `First Point` போன்ற தேர்வுகள் மெனுவில் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றையும் டிக் செய்தால் கோடு தெரியாது, பொட்டுகள்தான் தெரியும். `Last Point` ஒன்றே போதும்: அந்தப் பொட்டுதான் பக்கத்துச் செல்லில் உள்ள எண்.

அடுத்த நெடுவரிசையில் இலக்கில் எத்தனை சதவீதம் எட்டியது என்பதற்கு டேட்டா பார். D5:D10ஐத் தேர்ந்தெடுத்து `Conditional Formatting`, `Data Bars` என்று போனால் பட்டைகள் வந்துவிடும். இங்கும் தானியங்கி அமைப்பில் அதே கோளாறு உண்டு. இருப்பவற்றில் பெரிய மதிப்பு எதுவோ அந்தப் பட்டை செல்லை நிறைக்கும். ஆறு கிளைகளும் இலக்கில் பாதியே எட்டியிருந்தாலும் ஒரு கிளையின் பட்டை முழுதாக நிற்கும். `Edit Rule` வழியாகப் போய் `Minimum`, `Maximum` இரண்டையும் `Number` ஆக்கி, 0 என்றும் 1.25 என்றும் கொடுத்தால், இலக்கைச் சரியாக எட்டிய பட்டை எப்போதும் செல் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கில் நிற்கும். நிறம் மங்கிக்கொண்டே போகும் `Gradient Fill` அழகுக்கு. பட்டை எங்கே முடிகிறது என்பது தெரியாது. `Solid Fill` எடுத்துக்கொள்ள வேண்டும், அச்சில் எண் மறையாதபடி வெளிர் நிறத்தில். ரூபாய்த் தொகைக்கு டேட்டா பார் போடுபவர்கள் மொத்தம் எழுதிய கடைசி வரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும். மொத்தம் செல்லை நிறைத்துக்கொள்ள, கிளைகள் எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சூத்திரத்தாலேயே பட்டை வரைவதும் உண்டு. டேட்டா பார் வருவதற்கு முன்பிருந்த வித்தை அது, இன்னும் பயன் தீரவில்லை. ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் `REPT` என்ற செயல்கூறு போதும்:

```
=REPT("█", ROUND(D5*10,0))
```

இலக்கை எட்டினால் பத்துக் கட்டங்கள், 81 சதவீதம் என்றால் எட்டு. `ROUND` இல்லாவிட்டால் `REPT` பின்னத்தை வெட்டிவிடும், 99 சதவீதம் எட்டியவருக்கும் ஒன்பது கட்டம்தான் கிடைக்கும். எதிர்மறை எண் வந்தால் `#VALUE!` என்ற பிழை வரும். இது வெறும் எழுத்து என்பதால் எங்கே ஒட்டினாலும் கூடவே வரும்.

ஸ்பார்க்லைன் அப்படி வராது. `Report` தாளின் செல்களை நகலெடுத்து மின்னஞ்சலிலோ வேர்டிலோ சாதாரணமாக ஒட்டினால் எண்கள் வரும், கோடு இருந்த செல் காலியாக இருக்கும். அனுப்புகிறவர் திரையில் எல்லாம் சரியாக இருப்பதால் அவருக்குத் தெரியாது. `Copy as Picture` மூலம் படமாக எடுத்து ஒட்டலாம், அல்லது பிடிஎஃப் ஆக்கி இணைக்கலாம். கோப்பைப் பழைய `.xls` வடிவில் சேமித்தாலும் கோடுகள் போய்விடும். லிப்ரே ஆஃபீஸில் 2022இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து ஸ்பார்க்லைன் உண்டு. கூகுள் ஷீட்ஸில் அதே வேலைக்கு `SPARKLINE` என்ற சூத்திரம் இருக்கிறது, எழுதும் முறை வேறு.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அறிக்கையில் ஒருநாள் எல்லாக் கோடுகளும் திடீரென்று மறைந்தால், பெரும்பாலும் யாரோ `Calc` தாளில் நெடுவரிசைகளை மறைத்திருப்பார்கள். மறைத்த செல்களை ஸ்பார்க்லைன் வரையாது. `Edit Data` என்பதன் கீழ் `Hidden & Empty Cells` திறந்து, மறைத்தவற்றையும் காட்டு என்ற கட்டத்தை டிக் செய்தால் திரும்பி வரும். கோட்டை நீக்க `Delete` விசை உதவாது, `Sparkline` மெனுவிலுள்ள `Clear` வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, `Report` தாளில் கிளைகளை விற்பனை வாரியாக வரிசைப்படுத்துவது. வரிசைப்படுத்தும்போது பெயரும் எண்ணும் இடம் மாறும், ஸ்பார்க்லைன் இருந்த செல்லிலேயே தங்கிவிடும். தென்காசியின் பெயருக்கு எதிரே நாகர்கோவிலின் சரிவு நிற்கும், தாளைப் பார்த்தால் தப்பே தெரியாது. இதைத் தவிர்க்க `Calc` தாளின் A5 செல்லில் கிளைப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் `=Report!A5` என்று எழுதி, A10 வரை நகலெடுக்க வேண்டும். பெயர் எந்த வரிசைக்குப் போனாலும் `SUMIFS` அந்தப் பெயருக்கான எண்களையே அங்கே கொண்டுவரும், கோடும் அவற்றையே வரையும்.

`SUMIFS` பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், பில்லிங் பட்டியலில் ஒரு கிளையின் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த விற்பனை விடுபடும். `Calc` தாளின் M11 செல்லில், கிளை நிபந்தனையை எடுத்துவிட்டு அதே வாரத்துக்கான `SUMIFS` எழுதி, M5:M10இன் கூட்டுத்தொகையைக் கழித்துப் பார்க்கலாம். விடை பூஜ்யமாக இல்லாத வாரத்தில் `Report` தாளை அச்சுக்கு அனுப்பக்கூடாது. முதலில் `Sales` தாளின் B நெடுவரிசையில் வடிகட்டியைப் போட்டு, ஆறு பெயர்களுக்குப் பதில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும்.